"5 per, 1 vandhi": கேப்ஷனைத் தமிழ் எழுத்தில் போடுவதா, தங்கிலீஷில் போடுவதா?

கொண்டைஊசி70

சின்ன விஷயம்தான். ஆனால் முந்தாநாளிலிருந்து மண்டையைக் குடைகிறது. கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர் போன ஞாயிறு கொல்லிமலை போனோம். காரவள்ளி அடிவாரத்தில் ஏற ஆரம்பித்தால் 70 கொண்டை ஊசி வளைவு. முப்பது தாண்டியதுமே ஒருத்தன் பேச்சை நிறுத்திவிட்டான். நாற்பதுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னான். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு படம் எடுத்தோம். நாலு பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம், அவன் மட்டும் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் 11 பேர். அங்கே போடுவதற்கு முதலில் இப்படி அடித்தேன்:

```
70 valaivu, 5 per, 1 vandhi. Kolli malai mudinchadhu.
```

அனுப்புவதற்கு முன்னால் தங்கையிடம் காட்டினேன். "செவன்ட்டி வளைவு, ஃபைவ் பெர் ஒன்... என்ன கணக்கு இது?" என்றாள். சரி, தமிழிலேயே போடுவோம் என்று மாற்றினேன்:

70 வளைவு, 5 பேர், 1 வாந்தி. கொல்லிமலை முடிந்தது.

இதற்கும் முகத்தைச் சுளித்தாள். "விபத்துச் செய்தி மாதிரி இருக்கு. '5 பேர்' வரைக்கும் படிச்சதும் அடுத்து 'பலி'யைக் கண்ணு தேடுது" என்றாள். அவள் சொன்னபிறகு எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

இன்னொரு சிக்கல். குழுவில் இரண்டு பேருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. ஒருத்தன் பெங்களூரில் கன்னடம் படித்தவன், ஒருத்தி மும்பையில் வளர்ந்தவள். நீங்களெல்லாம் இந்த மாதிரி நேரத்தில் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

சுருக்கமா_சொல்லு

படத்தை மட்டும் போடு. அவன் மூஞ்சியே கேப்ஷன்தான்.

எழுத்தாணி_தாத்தா

தம்பி, கேள்வியே தேவையில்லாதது. தமிழைத் தமிழில் எழுத வேண்டும். ஆங்கில எழுத்தில் எழுதினால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். குறில் எது நெடில் எது என்று தெரியாது. தமிழ் எழுத்தில் அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை, எழுதியதை அப்படியே படிக்கலாம். தட்டச்சு கஷ்டம் என்பதெல்லாம் சாக்கு. நான் 62 வயதில் தமிழ்99 பழகினேன்.

வாசிக்கத் தெரியாத அந்த இரண்டு பேரும் இந்தச் சாக்கில் பழகிக்கொள்ளட்டும்.

பிழைதிருத்தி

தாத்தா சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன். பிழைதிருத்தும் வேலையில் பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. வீட்டில் நானும் தங்கிலீஷில்தான் அனுப்புவேன், அதனால் எனக்கு இரண்டு பக்கமும் கட்சி கிடையாது.

முதலில் உங்கள் தங்கிலீஷ் வரியையே ஒவ்வொரு சொல்லாக எடுத்துக்கொள்வோம்.

`valaivu`: இதில் ள காணாமல் போய்விட்டது. ஆனால் யாருக்கும் நஷ்டமில்லை, ஏனென்றால் "வலைவு" என்று ஒரு சொல் கிடையாது. எழுத்து தொலைந்தால் உடனே குழப்பம் வந்துவிடும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. அந்த இடத்தில் வந்து உட்கார இன்னொரு சொல் காத்திருந்தால்தான் குழப்பம். `palam` என்று எழுதினால் பழம், பலம், பாலம் மூன்றும் காத்திருக்கின்றன. `vali` என்றால் வலியும் வழியும். `valaivu`வுக்குப் போட்டியாளர் இல்லை.

`per`: உங்கள் வரியில் உண்மையான பள்ளம் இதுதான். இங்கே போட்டிக்கு வருவது ஒரு ஆங்கிலச் சொல். அதுவும் முன்னால் `5`, பின்னால் `1` என்று இலக்கத்தை வைத்துவிட்டீர்கள். இலக்கம், `per`, மறுபடியும் இலக்கம் என்று பார்த்த கண் கணக்குப் பாடத்துக்குத்தான் போகும். கமா போட்டும் பயனில்லை. உங்கள் தங்கை தப்பாகப் படிக்கவில்லை, நீங்கள்தான் அவளை அங்கே கூட்டிக்கொண்டு போய் விட்டீர்கள். இதே ஆபத்து `pen`, `man`, `ten`, `pal`, `mail` எல்லாவற்றிலும் உண்டு. பெண், மண், தேன், பால், மயில் என்று நீங்கள் மனசில் வைத்து எழுதுவீர்கள், படிப்பவர் முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பார்.

`vandhi`: இதற்கு `vaandhi`, `vanthi`, `vaanthi` என்று இன்னும் மூன்று எழுத்துமுறை உண்டு. சிரிப்பு வெடிக்க வேண்டிய சொல்லே இதுதான். அதில் நெடிலைக் காட்டாமல் விட்டால் படிப்பவர் ஒரு நொடி "வந்தி... வந்து..." என்று தடுமாறுவார். அந்த ஒரு நொடியில் நகைச்சுவை செத்துவிடும்.

ஆக, உங்கள் வரியில் இரண்டே இடம்தான் கோளாறு. முழு வரியையும் மாற்ற வேண்டியதில்லை.

பாந்த்ரா_பொண்ணு

நான் மும்பைதான். இந்தக் கேள்வியில் வரும் "ஒருத்தி" நானாகவே இருக்கலாம் போல! (நான் இல்லை, பயப்படாதீர்கள்.)

பிழைதிருத்தி ஒன்றை விட்டுவிட்டார். `Kolli malai` என்று எழுதினால் என் மாதிரி ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது மலை அல்ல. இந்தியில் மலாய் என்றால் பாலாடை. மலாய் குல்ஃபி, மலாய் கோஃப்தா. கொல்லிமலையைக் கேள்விப்படாத ஒருத்தி இதைப் படித்தால் ஏதோ புது இனிப்பு என்று நினைப்பாள். முன்னாலேயே வாந்தியும் இருப்பதால் கதை இன்னும் நன்றாகப் பொருந்தும்.

தாத்தாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் இருபத்தோரு வயதில்தான் தமிழ் எழுத்து கற்றுக்கொண்டேன். இப்போது நன்றாகவே வாசிப்பேன். ஆனால் முதல் இரண்டு வருடம் எப்படி இருந்தது தெரியுமா? "வாந்தி" என்று பார்த்தால் வ... துணைக்கால் இருக்கு, அதனால் வா... ந் புள்ளி... தி... என்று கூட்டிக்கூட்டிப் படிப்பேன். சொல் வந்து சேரும்போது மற்றவர்கள் எல்லாரும் சிரித்து முடித்து அடுத்த செய்திக்குப் போயிருப்பார்கள். பழகிக்கொள்ள ஆசைதான், ஆனால் அதற்கு நண்பர்கள் குழு சரியான வகுப்பறை இல்லை. ஒவ்வொரு தடவையும் கடைசி ஆளாகச் சிரித்தால் அசிங்கமாக இருக்கும். என் அண்ணன் இன்னும் கற்றுக்கொள்ளவே இல்லை. அவனுக்குத் தமிழ் எழுத்தில் செய்தி வந்தால் திறக்காமலே எனக்கு அனுப்பி "என்னன்னு சொல்லு" என்பான்.

கொண்டைஊசி70

மலாய் விஷயம் சத்தியமாகத் தோன்றவில்லை. அப்படியானால் இரண்டு வரியாகப் போட்டால் என்ன? மேலே தமிழ், கீழே தங்கிலீஷ்?

பாந்த்ரா_பொண்ணு

ரயில் நிலையப் பெயர்ப்பலகை மாதிரி இருக்கும். மூன்றாவது வரியில் இந்தியும் சேர்த்துவிடுங்கள்.

குறுஞ்செய்தி_காலம்

இந்தத் தங்கிலீஷ் பழக்கம் எங்கிருந்து தொற்றியது என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பழைய பட்டன் ஃபோனில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு ஆங்கில எழுத்தில் 160 இடம். தமிழில் ஒரே ஒரு எழுத்து கலந்தாலும் மொத்தச் செய்திக்கும் இடம் 70ஆகச் சுருங்கிவிடும். அந்த எழுபதையும் முழுசாகத் தர மாட்டான். புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாம் தனித்தனி இடம் பிடிக்கும். "வாந்தி" நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, ஃபோனுக்கு ஆறு இடம். எழுபதைத் தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ் காசு. எங்கள் விடுதியில் ஒரு ரூபாய்க்குச் சண்டை போட்ட காலம் அது.

அதைவிட, எதிராளியின் ஃபோனில் தமிழ் எழுத்து இல்லையென்றால் வெறும் பெட்டி பெட்டியாகத் தெரியும். அதனால்தான் `enna da panra` என்று எழுதிப் பழகினோம். வசதி வந்த பிறகும் கை பழைய பாதையிலேயே போகிறது.

புதுஃபோன்_ராணி

கேள்வி எனக்குப் புரிந்துவிட்டது. தமிழில் அடிக்கத் தெரியவில்லை என்பதுதானே? ரொம்ப எளிது. ஃபோனில் செட்டிங்ஸ் போய் மொழி, விசைப்பலகை என்று இருக்கும் இடத்தில் தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அடிக்கும்போது கீழே இருக்கும் உலக உருண்டைப் படத்தை அழுத்தினால் மாறும். ஆங்கில எழுத்தில் `amma` என்று அடித்தால் அம்மா என்று அதுவே மாற்றித் தரும் வகையும் இருக்கிறது. நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம்.

கொண்டைஊசி70

அக்கா, தமிழில் அடிக்கத் தெரியும். மேலே அடித்தும் காட்டியிருக்கிறேனே. எதில் போடுவது என்பதுதான் கேள்வி.

புதுஃபோன்_ராணி

ஓ. சரி சரி. எப்படியும் யாருக்காவது உதவும்.

பிழைதிருத்தி

அக்கா சொன்னதை விட்டுவிட வேண்டாம். தாத்தாவுக்குத் தருவதாகச் சொன்ன மீதிப் பாதி அங்கேதான் இருக்கிறது.

"கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு அந்தவகை விசைப்பலகையில் `kolli` என்று அடித்துப் பாருங்கள். அது கொல்லி, கொள்ளி என்று இரண்டையும் மேலே காட்டும். எதை முதலில் வைக்கும் என்பது ஃபோனுக்கு ஃபோன் மாறும். கொல்லி என்பது மலையின் பெயர். கொள்ளி என்பது சுடுகாட்டில் வைக்கிறார்களே, அது. ஐந்து நண்பர்கள் மலைக்குப் போன படத்துக்குக் கீழே "கொள்ளிமலை முடிந்தது" என்று விழுந்தால், ஏற்கெனவே "5 பேர்" என்று விபத்துச் செய்தி போல இருக்கிற வரிக்கு இறுதிச் சடங்கும் ஆகிவிடும்.

அதாவது தமிழ் எழுத்தில் ல-ள வேறுபாடு காட்டப்படும் என்பது உண்மை. ஆனால் அதைச் சரியாகக் காட்ட வேண்டிய பொறுப்பும் கூடவே வந்துவிடுகிறது. தங்கிலீஷில் `kolli` என்று போட்டால் படிப்பவர் தனக்குத் தெரிந்த மலையை நினைத்துக்கொள்வார். தமிழில் தப்பாக விழுந்தால் தப்பு கல்வெட்டு மாதிரி நிற்கும்.

"குழப்பத்துக்கு இடமே இல்லை" என்பதும் முழுசாகச் சரியில்லை, தாத்தா. தமிழ் எழுத்தில் ப ஒன்றுதான். கேப்ஷனில் வரும் சொற்களில் பாதி ஆங்கிலம். "பன்" என்று எழுதினால் டீக்கடை பன்னா, ஜாலியான ஃபன்னா? ஆய்தம் போட்டு எழுதலாம், ஆனால் நண்பர்களுக்கு எழுதும்போது எத்தனை பேர் போடுகிறார்கள்? `fun` என்று இருந்தால் ஒரே படிப்புதான்.

எழுத்தாணி_தாத்தா

கொள்ளி விஷயத்தை ஏற்கிறேன். ஆனால் அது அந்த மாற்றித்தரும் விசைப்பலகையின் குற்றம், தமிழ் எழுத்தின் குற்றமல்ல. தமிழ்99இல் ல தனி விசை, ள தனி விசை. எது வேண்டும் என்று விரலே முடிவு செய்யும். அம்மா என்று அடிக்கக் கணினியில் நான்கே தட்டு:

```
a k k q
```

அ, ம, ம, ஆ. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு அரசு ஏற்ற அமைப்பு. நீங்கள் எல்லோரும் ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் அடிக்கிறீர்கள், அதனால்தான் ஃபோன் உங்களுக்குக் கொள்ளி வைக்கிறது.

பிழைதிருத்தி

சபாஷ். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

வடமராட்சி_காற்று

நான் பருத்தித்துறைப் பக்கம். உங்கட சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விஷயம் நீங்கள் யாரும் சொல்லவில்லை: தங்கிலீஷ் எல்லோருக்கும் ஒன்றில்லை.

நீங்கள் ழவுக்கு `zh` போடுவீர்கள். நாங்கள் பெரும்பாலும் `l` தான். `Tamizh` என்று யாரும் அனுப்பினால் ஆள் இந்தியா என்று உடனே தெரிந்துவிடும், நாங்கள் `Thamil` என்றுதான் எழுதுவோம். யாழ் என்பதை `Yal` என்றும் எழுதுவார்கள், `Yarl` என்றும் எழுதுவார்கள். யாழ்தேவி ரயிலின் பெயரையே இரண்டு விதமாகவும் பார்த்திருக்கிறேன். என்னோடு சென்னையில் படித்த நண்பன் ஒருநாள் `mazhai` என்று மட்டும் அனுப்பினான். எனக்கு அந்த `zh` புரிய ஐந்து நிமிடம் போனது, மசாய் என்று வாசித்துக்கொண்டிருந்தேன். நான் அவனுக்கு மழை என்பதை `malai` என்று எழுதினால் அவன் மலை என்று நினைப்பான்.

எங்கட ஆட்களும் உங்கட ஆட்களும் கலந்து இருக்கிற குழுவில் நான் தமிழ் எழுத்தில்தான் எழுதுவேன். அங்கே அதுதான் பொது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல். "வாறன்" என்று எழுதினால் உங்களுக்கு வினோதமாக இருக்கும், "வருகிறேன்" என்று எழுதினால் எனக்கே நான் பள்ளிக்கூட அதிபர் மாதிரித் தெரிகிறேன்.

மதுரை_மல்லி

கடைசி வரி! அதுதான் என் பிரச்சினையும். எனக்கு ல, ள எல்லாம் கவலையில்லை. தமிழ் எழுத்தில் எழுத ஆரம்பித்ததும் என் கை தானாகவே பாடப்புத்தகத் தமிழுக்குப் போய்விடுகிறது. ஆரம்பத்தில் அண்ணன் எழுதியதைப் பாருங்கள். தங்கிலீஷில் `mudinchadhu`. தமிழுக்கு வந்ததும் "முடிந்தது". எழுத்தை மட்டும் மாற்றுவதாக நினைத்துக்கொண்டு பேச்சையே மாற்றிவிட்டார். "கொல்லிமலை முடிஞ்சது" என்று எழுதியிருந்தால் அந்தச் செய்தித்தாள் வாடை பாதி போயிருக்கும்.

கொண்டைஊசி70

அட! நான் மாற்றியது எனக்கே தெரியவில்லை.

மதுரை_மல்லி

யாருக்கும் தெரியாது. எனக்கே என் சித்தி மகள் சொல்லித்தான் தெரியும். "அக்கா, நீ தமிழ்ல மெசேஜ் போட்டா கோபமா இருக்கியோன்னு தோணுது" என்றாள். எங்கள் வீட்டில் இப்போது அதுவே அடையாளம் ஆகிவிட்டது. அம்மா தங்கிலீஷில் `sapttiya` என்று கேட்டால் சமாதானம். "சாப்பிட்டாயா" என்று தமிழ் எழுத்தில் வந்தால் ஏதோ நடந்திருக்கிறது.

இலக்கண_வாத்தியார்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். பேச்சை எழுத்தில் கொண்டுவருவது பற்றி ஒரு சுவையான சங்கதி. என் பேரன் "டேய்ய்ய்ய்" என்றும் "சூப்பர்ர்ர்ர்" என்றும் எழுதுகிறான். மெய்யெழுத்தை நீட்டுவது நமக்குப் புதிதல்ல, ஒற்றளபெடை என்று பெயரே உண்டு. ஆனால் நன்னூல் நீட்ட அனுமதிக்கும் மெய்கள் பத்தும் ஆய்தமும்தான். ங ஞ ண ந ம ன வ ய ல ள. அதில் ர் இல்லை. ஆகவே சூப்பர்ர்ர் செல்லாது. டேய்ய்ய் என்பதில் ய் பட்டியலில் இருக்கிறது, ஆனால் ஒற்று நீள அதற்கு முன்னால் குறிலோ குறிலிணையோ வர வேண்டும். டே நெடில். அதுவும் செல்லாது.

பேரனிடம் சொன்னேன். "தாத்தா, chill" என்று பதில் வந்தது. அதை என்ன எழுத்தில் எழுதினாலும் எனக்கு ஒன்றுதான்.

சுருக்கமா_சொல்லு

ல் பட்டியலில் இருக்கே. சில்ல்ல்ல் செல்லும்.

இலக்கண_வாத்தியார்

செல்லும்! சி குறில். அவனிடம் சொல்கிறேன்.

ஒலிவழி

நான் பார்வை இல்லாதவன். ஃபோன் திரையைப் படித்துச் சொல்லும் குரலை வைத்துத்தான் எல்லாவற்றையும் கேட்கிறேன், இந்த விவாதத்தையும் அப்படித்தான் கேட்டேன். தமிழ் எழுத்தில் இருந்தால் தமிழ்க் குரல் ஒழுங்காகப் படிக்கிறது. ஆங்கில எழுத்தில் இருந்தால் என் ஃபோன் ஆங்கிலக் குரலுக்கு மாறிவிடும். `valaivu`, `vandhi` எல்லாம் ஏதோ வெளிநாட்டு ஊர்ப்பெயர் மாதிரி காதில் விழும். புரியாதபோது எழுத்து எழுத்தாக நகர்த்திக் கேட்டு, நானே மனசில் சேர்த்துக்கொள்வேன். மேலே ஒருவர் கூட்டிக்கூட்டிப் படித்ததாகச் சொன்னாரே, அதே கதை, தலைகீழாக.

என் நண்பர்கள் குழுவில் எல்லாரும் தங்கிலீஷ்தான். நான் இருப்பதற்காக மாற்றச் சொல்ல எனக்குக் கூச்சம். ஒருத்தன் மட்டும் யாரும் சொல்லாமலே தமிழ் எழுத்துக்கு மாறினான்.

பாந்த்ரா_பொண்ணு

இதை நான் யோசித்ததே இல்லை. என் அண்ணனும் நீங்களும் ஒரே குழுவில் இருந்தால் என்ன செய்வது?

ஒலிவழி

குரல் செய்தி அனுப்பச் சொல்வேன். சிரிப்பும் சேர்ந்து வரும்.

குறுஞ்செய்தி_காலம்

படத்தின் மேலேயே எழுதுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. சில பட, வீடியோ எடிட்டர்களில் தமிழைப் போட்டால் எழுத்து உடைந்துவிடும். சோதிக்க "கொல்லி"யே நல்ல சொல். அதன் கொவில் கொம்பு க-வுக்கு இடப்பக்கம் வர வேண்டும். உடைந்த செயலியில் கொம்பு வலப்பக்கம் போய் நிற்கும், இல்லையென்றால் புள்ளி வட்டத்தோடு தனியாகத் தொங்கும். எழுத்து ஒவ்வொன்றாகத் துள்ளி வரும் அனிமேஷனில் இது அடிக்கடி நடக்கும். என் தங்கை கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை பெயர் அப்படித்தான் மூன்று துண்டாக வந்தது. ஸ்டோரியில் இருக்கும் அலங்கார எழுத்துவகைகளும் பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்கு மட்டும்தான், தமிழில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே முகம்தான் தெரியும். கீழே கேப்ஷனாக அடிப்பதற்கு இந்தத் தொல்லை இல்லை.

கொண்டைஊசி70

கீழேதான் போடப் போகிறேன். என் குழுவில் பார்வையில்லாதவர், இலங்கை நண்பர்கள் யாரும் இல்லை. வாசிக்க வராத இரண்டு பேர் இருக்கிறார்கள். அதனால் தங்கிலீஷ் பக்கம்தான் சாய்கிறேன். பிழைதிருத்தி சொன்ன இரண்டு இடத்தை எப்படிச் சரி செய்வது? `per`ஐ `paer` என்று எழுதினால்?

பிழைதிருத்தி

`paer` என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. தங்கிலீஷை நாம் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை, முகம் பார்த்துத்தான் அடையாளம் காண்கிறோம். `semma`, `mokka`, `enna da` எல்லாம் ஆயிரம் தடவை பார்த்த முகங்கள். `paer` புது முகம், கண் அங்கே நின்றுவிடும்.

பேசும்போது எப்படிச் சொல்வீர்கள்? "5 பேர்" என்றா? "அஞ்சு பேரு" என்றுதானே? அப்படியே எழுதுங்கள். `anju peru`. இலக்கம் போய்விட்டால் கணக்குப் பாடமும் போய்விடும். `peru` என்பது பெயராகவும் இருக்கலாம், ஆனால் முன்னால் `anju` நிற்பதால் யாரும் அப்படிப் படிக்க மாட்டார்கள். எழுபதை இலக்கத்திலேயே விடுங்கள், `ezhubadhu` என்று எழுதினால் அதைப் படிப்பதற்கே இன்னொரு கொண்டை ஊசி வேண்டும். `vaandhi`க்கு இரண்டு a. `Kolli malai`யை ஒன்றாகச் சேர்த்து `Kollimalai` என்று எழுதினால் பாலாடை மறைந்துவிடும்.

மதுரை_மல்லி

"முடிஞ்சது" எதற்கு? வாந்தியோடு நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் ஒரு சொல் வந்தாலும் சுவை குறையும். மலைப் பெயரை முன்னால் கொண்டுவாருங்கள்.

எழுத்தாணி_தாத்தா

ஆக, கடைசியில் ஆங்கில எழுத்துதான். இத்தனை பேர் கூடி, ஒரு தமிழ் வரியை ஆங்கில எழுத்தில் எப்படித் தமிழாகப் படிக்க வைப்பது என்று ஒரு நாள் முழுக்க மூளையைக் கசக்கினீர்கள். அந்த உழைப்பில் அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் அ ஆ சொல்லிக் கொடுத்திருக்கலாம். அடுத்த வருடம் அதே படத்தைக் குழுவில் தேடுவீர்கள். `vandhi` என்று தேடினால் `vaandhi` கிடைக்காது. அப்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிழைதிருத்தி

தேடல் விஷயத்தில் தாத்தா சொல்வது நிஜம். தமிழ் எழுத்தில் வாந்திக்கு ஒரே எழுத்துமுறைதான்.

கொண்டைஊசி70

போட்டுவிட்டேன். கடைசியில் போனது இது:

```
Kollimalai. 70 valaivu, anju peru, oru vaandhi.
```

தங்கை தடுமாறாமல் படித்தாள். மும்பைக்காரி அரை நிமிடத்தில் சிரிப்புப் பொம்மை போட்டாள், பெங்களூர்க்காரன் "யாருடா அது" என்று கேட்டான். படத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் மட்டும் நாள் முழுக்கப் பதில் போடவில்லை. கோபமோ என்று பயந்துவிட்டேன். ராத்திரி பதினொரு மணிக்குத் தமிழ் எழுத்தில் ஒரே ஒரு வரி வந்தது, முற்றுப்புள்ளியோடு:

"ஒன்று அல்ல. மூன்று."

மதுரை_மல்லி

தமிழ் எழுத்தில் வந்திருக்கிறது. கோபம்தான்.

கொண்டைஊசி70

மூன்று என்று எண்ணிச் சொல்கிறவனுக்கு என்ன கோபம்? நாளைக்கு ஃபோன் பண்ணிப் பார்க்கிறேன்.